ராமையாவின் பேச்சும் ராமையாவைச் சொல்லும் தமிழும்

"கிளிநொச்சிப் பக்கக் குடியேற்றக் கிராமம் ஒன்றை வைத்து நாவல் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வயல்காரர், மலையகத்திலிருந்து வந்து கூலிவேலை செய்யும் குடும்பம், பழைய வன்னிக் குடிகள் என்று மூன்று தரப்பும் வருகிறது. உரையாடலை வட்டார வழக்கில் எழுதினால் வாசகர் அதிலிருந்து என்னவெல்லாம் எடுத்துக்கொள்வார்? யார் வசதியானவர், யார் ஊர்க்காரர், கதைசொல்லி யார் பக்கம் என்பதெல்லாம் தெரிந்துவிடுமா? கடைசியில் சொல்விளக்கம் போடவேண்டுமா?"

தெரிந்துவிடும். நீங்கள் நினைக்காததும் சேர்த்துத் தெரியும். வட்டார வழக்கு தனியாக நின்று ஒன்றும் சொல்வதில்லை. பக்கத்தில் நிற்பவர் எந்தத் தமிழில் பேசுகிறார், இருவரையும் சொல்லும் கதைசொல்லி எந்தத் தமிழில் சொல்கிறார் என்ற வித்தியாசம்தான் பேசுகிறது. உங்கள் கதைக்களத்திலேயே ஒரு சின்னக் காட்சியை எடுத்துக்கொள்வோம். சிறுபோக நேரம், இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்து விடுகிறார்கள். இரவில் யாரோ ஒரு மடையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். வயல்காரர் தன்னிடம் வேலை செய்யும் பெரியவரைக் கேட்கிறார். அந்தப் பெரியவருக்கு ராமையா என்று பெயர் வைப்போம், வயது அறுபதுக்கு மேல்.

முதல் தடவை எழுதும்போது பலருக்கு இப்படித்தான் வரும்:

"ராமையா, நேற்றிரவு இந்த மடையை யார் திறந்தது?" என்று கேட்டார் வயல்காரர்.
"எனக்குத் தெரியாதுங்கய்யா, நான் வூட்டுல தூங்கிக்கினு இருந்தேனுங்க" என்றான் ராமையா.

இதில் மூன்று விசயம் நடந்துவிட்டது. வயல்காரருக்கு எழுத்துத் தமிழ் கிடைத்திருக்கிறது, ராமையாவுக்குப் பேச்சு வழக்கு. தமிழில் இது பெரிய வித்தியாசம், ஏனென்றால் எழுத்துத் தமிழை வாயால் பேசுகிறவர் வன்னியிலும் இல்லை, யாழ்ப்பாணத்திலும் இல்லை. பத்து ஏக்கர் வயல் வைத்திருப்பவரும் வீட்டில் "ஆர் திறந்தது" என்றுதான் கேட்பார். அவருடைய பேச்சை எழுத்தாளர் கையைப் பிடித்துத் திருத்தியிருக்கிறார், ராமையாவின் பேச்சைத் திருத்தவில்லை. அதனால் ராமையா மட்டும் வழக்குப் பேசுகிறவராகவும் வயல்காரர் சாதாரண மனிதராகவும் தெரிகிறார்கள். அடுத்தது "வூட்டுல", "தூங்கிக்கினு". ராமையாவின் ஆட்கள் அப்படிப் பேசுவதில்லை. இது சென்னைச் சினிமாவில் ஏழை பேசும் தமிழ், ஏழை என்றவுடன் காதில் தானாக வந்து விழுந்திருக்கிறது. மூன்றாவது "கேட்டார்", "என்றான்". அதைப் பிறகு பார்ப்போம், அதுதான் இந்தக் காட்சியிலேயே பெரிய பிழை.

இரண்டு பேருக்கும் அவரவர் பேச்சைக் கொடுத்துப் பார்த்தால்:

"ராமையா, ராத்திரி உந்த மடையை ஆர் திறந்தது?"
"தெரியலைங்கய்யா. நான் வீட்டுல படுத்திருந்தேன்."

இப்போது இருவருமே அவரவர் இடத்திலிருந்து வந்தவர்களாகத் தெரிகிறார்கள். "உந்த", "ஆர்" வடக்கைச் சொல்கிறது. "தெரியலை", "படுத்திருந்தேன்" மலையகத்தைச் சொல்கிறது. வடக்கில் பிறந்தவர் "தெரியாது, படுத்திருந்தனான்" என்றிருப்பார். வர்க்கம் மறைந்துவிடவில்லை. அது உச்சரிப்பிலிருந்து இறங்கி, இருக்கவேண்டிய இடத்துக்கு, அதாவது விளிக்குள் போயிருக்கிறது. ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், மற்றவர் "ஐயா" என்கிறார். கூப்பிடுகிறவர் வயதில் இளையவர் என்றால் வாசகருக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

சரி, இனி மூன்றாவது ஆள் வரட்டும். ராமையாவின் மகன், கிளிநொச்சியிலேயே பிறந்து பள்ளிக்கூடம் போனவன். தகப்பனிடம் மடையைப் பற்றிக் கேட்டார்கள் என்று கேள்விப்பட்டு வாய்க்கால் கட்டுக்கு வருகிறான்.

"ஐயா, மடை விசயமா அப்பாவைக் கேட்டனீங்களாம். ராத்திரி அவர் வயலுக்கு வரேல்லை. காய்ச்சலோட படுத்திருந்தவர்."
வயல்காரர் திரும்பிப் பார்த்தார். "நீர் ராமையாவின்ரை மகனோ? எங்கை படிச்சனீர்?"
மகன் பதில் சொல்லவில்லை. தகப்பனைப் பார்த்து, "வாங்கப்பா, போவோம்" என்றான்.

இந்த மூன்று வரியில் நாவலின் பாதி இருக்கிறது என்று சொல்வேன். மகன் வயல்காரருடன் பேசுவது சுத்தமான வடக்குத் தமிழ்: "கேட்டனீங்களாம்", "வரேல்லை", "படுத்திருந்தவர்". பள்ளிக்கூடத்தில், விளையாட்டுத் திடலில், சந்தையில் பழகியது. ஆனால் தகப்பன் பக்கம் திரும்பியதும் "வாங்கப்பா, போவோம்" என்று வீட்டுத் தமிழ் வந்துவிடுகிறது. வடக்குத் தமிழில் அது "வாங்கோ அப்பா, போவம்" என்று இருந்திருக்கும். அவன் இரண்டு இடத்தையும் சேர்ந்தவன் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. கதைசொல்லி நடுவில் புகுந்து "அவனுக்குள் இரு உலகங்கள் மோதின" என்று எழுதினால் கெட்டுப்போகும்.

வயல்காரரின் "நீர்" இன்னும் நுணுக்கம். வடக்கில் முன்னால் நிற்பவரை அழைக்க மூன்று படி இருக்கிறது: நீ, நீர், நீங்கள். அதற்கேற்ப வா, வாரும், வாங்கோ. "நீ" நெருக்கத்துக்கும் வரும், கீழே வைப்பதற்கும் வரும். "நீங்கள்" மரியாதை. "நீர்" நடுவில் நிற்பது. வாத்தியார் வளர்ந்த மாணவனுக்குச் சொல்வது, கந்தோரில் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் சொல்வது, சில வீடுகளில் கணவன் மனைவிக்குச் சொல்வது. ராமையாவை வயல்காரர் எப்போதும் "நீ" என்றுதான் சொல்லியிருப்பார். மகனுக்கு "நீ" வாய்வரை வந்திருக்கும், அவன் பேசிய விதத்தால் "நீர்" ஆகிவிட்டது. "நீங்கள்" ஆகவில்லை. ஒரு தலைமுறைப் படிப்பு ஒரு படி ஏற்றியிருக்கிறது, ஒரு படிதான். தமிழ்நாட்டு வாசகர் பலருக்கு இந்த "நீர்" புராணப் படத்து அரசவை மாதிரிக் கேட்கும். அதற்குப் பயந்து "நீங்கள்" என்று மாற்றிவிடாதீர்கள், காட்சியே போய்விடும். நாவலில் இரண்டு மூன்று இடத்தில் வேறுவேறு ஆட்களுக்கு இடையில் "நீர்" வந்தால் அந்த வாசகருக்கும் பிடிபட்டுவிடும்.

ஒரே ஒரு அடையாளத்தை நம்பி ஆளைத் தீர்மானிக்க வேண்டாம். "வாங்க" என்று ஒருவர் சொன்னால் அவர் மலையக வேர் உள்ளவர் என்று முன்னர் சொல்லிவிடலாம். இப்போது தொலைக்காட்சி பார்த்து வளர்ந்த யாழ்ப்பாணப் பிள்ளையும் "வாங்க" என்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை "வாங்க, நான் போறன்" என்று சொல்லும். "வாங்க, நான் போறேன்" என்று சொல்லாது. விளி சீக்கிரம் மாறும், வினைமுற்று அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஆகவே இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். "போறன்/போறேன்", "எண்டு/ன்னு", "வாங்கோ/வாங்க", "ஓம்/ஆமா" என்ற நாலு இடத்தில் ஒழுங்காக நின்றாலே போதும். மிச்சச் சொற்களைச் சாதாரண எழுத்திலேயே விடலாம். ஒவ்வொரு ஒலியையும் எழுத்தில் பிடிக்கப் போனால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிப்பதில் களைத்துவிடுவார், பேசுகிறவர் விளங்காத மொழி பேசும் ஆள் மாதிரி ஆகிவிடுவார்.

இனி ஊர்க்காரர் யார் என்ற கேள்வி. இதில் எழுதுபவர்கள் அதிகம் தடுமாறுவது பழைய வன்னிக் குடிகளிடம். முள்ளியவளை, ஒட்டுசுட்டான் பக்கத்துப் பெரியவர் ஒருவரை யாழ்ப்பாணத்தாரிடமிருந்து பிரித்துக் காட்டவேண்டும் என்று நினைத்து, இல்லாத உச்சரிப்பு ஒன்றை உண்டாக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அவர் காட்டுக்காரர் என்பதால் பேச்சும் கரடுமுரடாக இருக்கவேண்டும் என்ற நினைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. உண்மையில் வினைமுற்று, விளி, "எண்டு", "ஓம்" எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் பெரும்பாலும் பொது. பிரித்துக் காட்டுவது அவர் எதற்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார் என்பதுதான். குடியேறியவர் "குளத்துப் பக்கம்" என்று சொல்லும் இடத்தை அவர் அலைகரை, கட்டு, துருசு, வான் என்று பிரித்துச் சொல்வார். "குளம் நிரம்பிட்டுது" என்பதோடு நிற்கமாட்டார், "வான் பாயுது" என்பார். இடங்களின் பெயரும் அப்படித்தான். முறிப்பு, மோட்டை, மடு, குளம் என்று முடியும் பெயர்கள் அவருடையவை. புரம், நகர் என்று முடிபவை பெரும்பாலும் குடியேற்றத்தோடு வந்தவை. ஒரே இடத்தை ஒருவர் பழைய மோட்டையின் பெயரால் சொல்ல, மற்றவர் "பத்தேக்கர்" என்று சொன்னால், யார் முதலில் வந்தார் என்று எழுத்தாளர் சொல்லத் தேவையில்லை.

ஆனால் வன்னியில் சொந்தம் என்பது வந்த வரிசை மட்டுமில்லை. 1930களிலிருந்து கிளிநொச்சியில் குடியேற்றங்கள் வந்தன. யாழ்ப்பாணத்திலிருந்தும் தீவுகளிலிருந்தும் ஆட்கள் வந்து காடு வெட்டினார்கள். 1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு மலையகக் குடும்பங்கள் வந்தன. 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து பெருந்தொகையானோர் வந்தார்கள். வந்தவர் எல்லாரிடமும் கேட்கப்படும் ஒரு கேள்வி, "சொந்த இடம் எது?" மூன்றாம் தலைமுறையாகக் கிளிநொச்சியில் பிறந்தவர் ஒருவர் யோசிக்காமல் "புங்குடுதீவு" என்பார். அவர் அங்கே ஒருநாள் தங்கியிருக்காமலும் இருக்கலாம். ராமையாவின் மகன் "கிளிநொச்சிதான்" என்பான். உடனே அடுத்த கேள்வி வரும்: "அதுக்கு முந்தி?" தீவாருக்கு அந்த இரண்டாவது கேள்வி வராது. இதை உரையாடலாக எழுதிப் பாருங்கள். ஒரு வசைச்சொல் இல்லை, ஒரு கோபம் இல்லை, எல்லாரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் யார் இன்னும் வாசலில் நிற்கிறார் என்று தெரிந்துவிடும். மலையக மக்களை இழிவாகச் சொல்லும் சொற்கள் வடக்கில் புழங்கியது உண்மை, தேவையான இடத்தில் எழுதத்தான் வேண்டும். ஆனாலும் "அதுக்கு முந்தி?" என்பது அவற்றைவிட ஆழமாகப் போகும் என்பது என் அபிப்பிராயம்.

காலத்தைக் காட்டும் சொற்களும் இருக்கின்றன, அவற்றை வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். விடுதலைப் புலிகள் இயக்கம் நிர்வாகம் செய்த ஆண்டுகளில் கிளிநொச்சிப் பெயர்ப்பலகைகளில் "வெதுப்பகம்" என்று எழுதியிருந்தது. அதே காலத்தில் வீட்டில் "பேக்கரிக்குப் போட்டு வா" என்று சொன்னவர்கள் நிறையப் பேர். எந்தப் பாத்திரம் எந்த இடத்தில் எந்தச் சொல்லைச் சொல்கிறது என்பது அவருடைய நிலைப்பாட்டையும் பயத்தையும் காட்டும். 2009இல் போர் முடிந்த பிறகு "வாழ்வாதாரம்", "பயனாளி", "மீள்குடியேற்றம்" போன்ற உதவி நிறுவனத் தமிழ் சனங்களின் வாய்க்கு வந்தது. "உங்களுக்கு வாழ்வாதாரம் கிடைச்சதோ?" என்று ஒரு அம்மா கேட்டால் அவர் கோழியையோ தையல் மெசினையோ கேட்கிறார். இந்தக் கேள்வியை 1990களில் நடக்கும் அத்தியாயத்தில் போட்டுவிடாதீர்கள்.

இப்போது "கேட்டார்", "என்றான்" விசயத்துக்கு வருகிறேன். தமிழில் கதை சொல்பவருக்கு ஒளிய இடமில்லை. ஒரு ஆணைப் பற்றி ஒரு வினைமுற்று எழுதினாலே "ஆன்" போடுவதா "ஆர்" போடுவதா என்று முடிவு செய்தாகவேண்டும். முதல் வடிவத்தில் வயல்காரருக்கு "கேட்டார்", அவரைவிட மூத்த ராமையாவுக்கு "என்றான்". உரையாடலை எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் இந்த ஒரு எழுத்து கதைசொல்லியை வயல்காரரின் திண்ணையில் கொண்டுபோய் உட்காரவைத்துவிடும். இதை மகனின் வரியோடு சேர்த்து வாசியுங்கள். மகன் தகப்பனைப் பற்றி "படுத்திருந்தவர்" என்கிறான். கதைசொல்லி அதே மனிதரை "என்றான்" என்கிறார். ராமையாவுக்கு மகன் கொடுக்கும் மரியாதையைக் கதைசொல்லி கொடுக்க மறுக்கிறார் என்றாகிவிடுகிறது. எழுதியவர் அதை நினைத்தே இருக்கமாட்டார், பெரும்பாலும் வாசித்து வளர்ந்த கதைகளின் பழக்கம்தான். ஆனால் வாசகருக்கு, அதுவும் ராமையாவின் வீட்டிலிருந்து வந்த வாசகருக்கு, அது உடனே தெரியும்.

பெண்களிடம் இது இன்னும் சிக்கல். வடக்கில் "அவள்", "அவ" என்று இரண்டு இருக்கிறது. "அவ" மரியாதை, "அவ சொன்னா" என்று வரும். எழுத்துத் தமிழில் அதற்குச் சரியான இடமில்லாததால் பலர் ரீச்சருக்கு "அவர்", கூலிக்காரப் பெண்ணுக்கு "அவள்" என்று பிரித்துவிடுகிறார்கள். கதைசொல்லியே ஊர்க்காரராக, தன் வழக்கில் கதை சொல்பவராக இருந்தால் "அவ" என்று எழுதலாம். இல்லையென்றால் பெரியவர்கள் எல்லாருக்கும் "அவர்", சின்னவர்களுக்கு மட்டும் "அவன், அவள்" என்று வயதை அளவாக வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. வேண்டுமென்றே ஒருதலைப்பட்சமான கதைசொல்லியை எழுதுகிறீர்கள் என்றால் வேறு கதை. அப்போது அந்த "என்றான்" நல்ல ஆயுதம். ஆனால் வாசகர் அதைக் கதைசொல்லியின் கோணலாகப் புரிந்துகொள்ளவேண்டும். அதற்கு மகனின் "படுத்திருந்தவர்" போல ஒரு எதிர்க்குரல் பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

"என்றான்" என்பதோடு ஒட்டிக்கொண்டு வருபவற்றையும் பாருங்கள். வயல்காரர் கேட்டார், சொன்னார், விளக்கினார். ராமையா முணுமுணுத்தான், இழுத்தான், தலையைச் சொறிந்தான். ஒரு அத்தியாயத்தை அச்செடுத்து, ஒவ்வொரு ஆளின் பேச்சுக்குப் பின்னாலும் வரும் வினையை மட்டும் பென்சிலால் கோடிட்டு, ஆள்வாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் கதைசொல்லி யார் பக்கம் என்று அந்தத் தாள் சொல்லிவிடும். பிறகு இன்னொன்றும் செய்யலாம்: ஒரு காட்சியில் எல்லார் பேச்சையும் எழுத்துத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். ராமையாவின் பேச்சில் அப்போது ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், அவருக்கு நீங்கள் உச்சரிப்பை மட்டும் கொடுத்திருக்கிறீர்கள், சொல்வதற்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

இந்தச் சண்டை புதிதில்லை. 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் மரபுப் போராட்டம் என்று ஒன்று நடந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சு கதைகளில் வந்தபோது பண்டிதர்கள் சிலர் அதை இழிசனர் வழக்கு என்று தள்ளினார்கள். விமர்சகர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் முற்போக்கு எழுத்தாளர்கள் பக்கம் நின்று வாதாடினார்கள். உரையாடலைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு வழக்கு வென்றுவிட்டது, இன்று பேச்சுத் தமிழில் உரையாடல் எழுதாதே என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் வென்றது மேற்கோள்குறிக்கு உள்ளே மட்டும். வெளியே கதைசொல்லியின் தமிழ் பெரும்பாலும் பழைய இடத்திலேயே இருக்கிறது. பாத்திரம் குடிசையில் பேசும், கதைசொல்லி மேடையில் பேசுவார்.

கடைசியாகச் சொல்விளக்கம். போடலாம், தப்பில்லை, ஆனால் பட்டியலில் யாருடைய சொற்கள் இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டு போடுங்கள். "லயம்", "பேரட்டு" போன்ற மலையகத் தோட்டச் சொற்கள் மட்டும் விளக்கப்பட்டு "துருசு", "அலைகரை" போன்ற வன்னிக் குளத்துச் சொற்கள் விளக்கப்படாமல் விட்டால், வாசகர் வடக்குக்காரர் என்றும் ராமையா விருந்தாளி என்றும் முடிவு செய்துவிட்டீர்கள். எல்லாவற்றையும் விளக்கினால் புத்தகம் தமிழ்நாட்டுக்குப் போவதற்காக எழுதப்பட்டது போல இருக்கும், அதுவும் ஒரு நிலைப்பாடுதான். நான் செய்வது, அந்தச் சொல்லைக் காட்சியில் ஒரு வேலை செய்யவைப்பது. மகன் துருசில் ஏறி நின்று சக்கரத்தைத் திருப்ப, வாய்க்காலில் தண்ணீர் வந்தால், துருசு என்ன என்று மதுரையில் இருப்பவருக்கும் விளங்கும். அப்படிக் காட்டமுடியாத சொல் நாலைந்து மிஞ்சினால் அவற்றை மட்டும் பின்பக்கத்தில் போட்டுவிடுங்கள். உரையாடலுக்குள் அடைப்புக்குறி போட்டு விளக்கம் மட்டும் வேண்டாம், பேசுகிறவரின் வாயை நடுவில் பொத்துவது மாதிரி இருக்கும்.